சித்திரப் பாணி ஒளிப்பட அலை

சித்திரப் பாணி ஒளிப்பட அலை என்பது, தமது ஒளிப்படங்களைக் கார்ட்டூன் அல்லது இயங்குபடக் காட்சி போன்ற தோற்றத்துக்கு மாற்றி, அவற்றை மிகப் பலர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சமூக வலைத்தளங்களில் இடும் நிகழ்வு ஆகும். இத்தகைய அலைகள் பொதுவாகச் சில நாட்களில் தொடங்கி, சில வாரங்களில் அடங்கிவிடுகின்றன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது 2025 மார்ச் மாத இறுதியில் உருவான ஜிப்லி பாணிப் பட அலையாகும். சப்பானிய இயங்குபட நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லியின் ஓவியப் பாணியை ஒத்த படங்கள் அப்போது உலகம் முழுவதும் பகிரப்பட்டன.

ஓர் அலையில் சேர்வது வெறும் பொழுதுபோக்கா, அல்லது பிறருக்கு ஏதேனும் ஒன்றை உணர்த்தும் குறிப்பா என்பது சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் பொதுவாக ஆராய்ந்துள்ள வினாவாகும். இக்கட்டுரை 2025 அலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவை விளக்குகிறது.

## முன்வரலாறு

ஒளிப்படத்தை ஓவியம் போல் மாற்றும் செயலிகளில் முதலில் பெரும் பரவலை அடைந்தது 2016 சூன் மாதத்தில் வெளியான பிரிஸ்மா ஆகும். ஓர் ஓவியத்தின் தூரிகைப் பாங்கைப் பிரித்தெடுத்து வேறொரு படத்தின் மீது ஏற்றும் முறை 2015 ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. அம்முறை பிரிஸ்மாவின் வழியாகப் பொதுமக்களின் கைப்பேசிகளுக்கு வந்தது.

2021 ஆம் ஆண்டில் முகங்களைக் கார்ட்டூன் பாத்திரங்களாக மாற்றும் டூன்மீ, வொய்லா ஆகிய செயலிகள் அடுத்தடுத்துப் பரவின. 2022 இன் இறுதியில் லென்சா என்னும் செயலி, பயனர் தரும் சில ஒளிப்படங்களைக் கொண்டு பல பாணிகளில் உருவப்படங்களை ஆக்கித் தந்தது. முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்தது. லென்சாவின் உருவப்படங்களுக்கோ சில டாலர்கள் செலுத்த வேண்டியிருந்தது. கட்டணம் உள்ளதா இல்லையா என்பது, பின்னர் விளக்கப்படுவது போல, ஓர் அலையில் சேர்வதன் பொருளையே மாற்றவல்லது.

## வடிகட்டலும் மறுவரைவும்

பேச்சு வழக்கில் இவை அனைத்தும் "வடிகட்டி" என்றே அழைக்கப்படுகின்றன. ஆயினும் இவற்றுள் இருவேறு செயல்முறைகள் உள்ளன.

முதல் வகையில், மூலப் படத்தின் படவணுக்கள் மீது நேரடியாகக் கணக்கீடு செய்யப்படுகிறது. முதற்படியாக, விளிம்புகளை அழிக்காமல் இடைப்பட்ட பரப்புகள் மட்டும் மழுப்பப்படுகின்றன. இதனால் தோலின் சுருக்கங்களும் துணியின் இழைகளும் மறைகின்றன. அடுத்து, நிறங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, ஒவ்வொரு பரப்பும் தட்டையான ஒரு நிறத்தைப் பெறுகிறது. இறுதியாக, விளிம்புகள் கண்டறியப்பட்டு அவற்றின் மீது கருங்கோடுகள் இடப்படுகின்றன. இவ்வகைப் படத்தில் கண் இருந்த இடத்திலேயே கண் இருக்கும். மூலப் படத்தையும் மாற்றிய படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் கோடுகள் பொருந்தும்.

2025 அலையில் பயன்பட்டது இரண்டாம் வகையாகும். இதில் மூலப் படம் ஒரு வழிகாட்டியாக மட்டுமே கொள்ளப்படுகிறது. மிகப் பெரும் எண்ணிக்கையிலான படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பணுப் பிணையம், "இப்படத்தில் இன்னின்னார் இவ்வாறு நிற்கின்றனர்" என்பதை உள்வாங்கிக்கொண்டு, முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. எனவே, இது உண்மையில் வடிகட்டி அன்று, மறுவரைவு எனலாம்.

இவ்வேறுபாட்டை எளிதில் கண்டறியலாம். மறுவரைவில் சட்டையின் கட்டங்கள் எண்ணிக்கையில் மாறியிருக்கும். பின்னணியில் உள்ள பெயர்ப்பலகையின் எழுத்துக்கள் சிதைந்திருக்கும் அல்லது வேறாகியிருக்கும். மூக்குத்தி, தழும்பு போன்ற சிறு அடையாளங்கள் விடுபடலாம்; கூட்டமாக எடுத்த படங்களில் விரல்களோ கைகளோ கூடவோ குறையவோ செய்யலாம். வயது, தோல் நிறம், உடற்பருமன் ஆகியன பயிற்சிப் படங்களில் மிகுதியாக இருந்த தோற்றத்தை நோக்கி நகர்வதும் உண்டு. மூலப் படத்தை அருகில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு இம்மாற்றங்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை.

இரண்டாம் வகைக்குத் தேவையான கணிப்பாற்றல் மிகப் பெரிது. ஆகையால் அது பயனரின் கைப்பேசியில் நடைபெறாமல், நிறுவனத்தின் வழங்கிகளில் நடைபெறுகிறது. படத்தை மாற்ற விரும்புபவர் மூலப் படத்தை அந்நிறுவனத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதில் உள்ள குழந்தைகள், நண்பர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரின் முகங்களும் உடன் செல்கின்றன.

## 2025 மார்ச் அலை

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025 மார்ச் 25 அன்று தனது சாட்ஜிபிடி சேவையில் புதிய படமாக்கும் வசதியை வெளியிட்டது. அன்றே சியாட்டில் நகர மென்பொருள் பொறியாளர் ஒருவர் தமது குடும்பம் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படத்தை ஜிப்லி பாணிக்கு மாற்றி வெளியிட்டார். அப்பதிவு மிக வேகமாகப் பரவியது. நிறுவனத்தின் தலைமை அலுவலர் சாம் ஆல்ட்மன் தமது சொந்தக் கணக்கின் முகப்புப் படத்தையும் அப்பாணியில் மாற்றிக்கொண்டார்.

தொடக்கத்தில் இவ்வசதி கட்டணம் செலுத்துவோருக்கே கிடைத்தது. கட்டணமில்லாப் பயனர்களுக்கு அதனைத் திறப்பது, எதிர்பார்த்ததைவிடத் தேவை மிகுந்ததால் தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 27 அன்று, தமது வரைவியற் செயலிகள் உருகிக்கொண்டிருப்பதாக ஆல்ட்மன் வேடிக்கையாகக் குறிப்பிட்டு, பயன்பாட்டுக்குத் தற்காலிக வரம்பு விதிக்கப்படுவதாக அறிவித்தார். மார்ச் 31 அன்று ஒரு மணி நேரத்தில் பத்து இலட்சம் புதிய பயனர்கள் சேர்ந்ததாக அவர் தெரிவித்தார். ஏறக்குறைய அதே வேளையில் இவ்வசதி அனைவருக்கும் திறக்கப்பட்டது. முதல் வாரத்தில் 13 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் 70 கோடிக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியதாக நிறுவனம் ஏப்ரல் தொடக்கத்தில் அறிவித்தது. இது சராசரியாக ஒருவருக்கு ஐந்து படங்களுக்குச் சற்று மேல் ஆகும். இவ்வெண்ணிக்கை அனைத்துப் பாணிப் படங்களையும் உள்ளடக்கியது. ஜிப்லி பாணிப் படங்கள் இதில் ஒரு பகுதியே.

அரசு அமைப்புகளும் இவ்வலையில் சேர்ந்தன. இந்திய அரசின் மைகவ் கணக்கு, பிரதமர் நரேந்திர மோதி பங்கேற்ற நிகழ்வுகளை இப்பாணியில் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளை மாளிகைக் கணக்கு மார்ச் 27 அன்று, குடிவரவு அலுவலர் ஒருவர் அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்குக் கைவிலங்கிடும் காட்சியை இப்பாணியில் வெளியிட்டது. இப்பதிவு கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

## அலை பரவும் முறை

இத்தகைய பரவலை விளக்கப் பயன்படும் கருத்துருக்களில் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978 ஆம் ஆண்டில் முன்வைத்த வாயில் மாதிரியாகும். தம்மைச் சுற்றி எத்தனை பேர் ஒரு செயலைச் செய்த பின் ஒருவர் தாமும் அதனைச் செய்வாரோ, அந்த எண் அவருடைய வாயில் அளவு எனப்படுகிறது. யாரும் செய்யாதபோதே முதலில் செய்பவரின் அளவு 0 ஆகும்.

பள்ளித் தோழர்கள் பத்துப் பேர் கொண்ட ஒரு வாட்சப் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களை அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ எனக் குறிப்போம். அவர்களின் வாயில் அளவுகள் முறையே 0 முதல் 9 வரை எனக் கொள்க. முதலில் அ தமது படத்தை இடுகிறார். ஒருவர் இட்டதைக் கண்டு ஆ இடுகிறார். இருவர் இட்டதைக் கண்டு இ இடுகிறார். இவ்வாறே தொடர்ந்து, இறுதியில் பத்துப் பேரும் படம் இட்டுவிடுகின்றனர்.

இப்போது ஆ என்பவரின் அளவை மட்டும் 1 இலிருந்து 2 ஆக மாற்றுவோம். அ படம் இடுகிறார். ஒருவர் மட்டுமே இட்டுள்ளதால் ஆ காத்திருக்கிறார். இ என்பவருக்கும் இருவர் தேவை, அவரும் காத்திருக்கிறார். அலை ஒரே படத்துடன் நின்றுவிடுகிறது. பத்துப் பேரின் சராசரி அளவு 4.5 இலிருந்து 4.6 ஆகியதைத் தவிர இரு குழுக்களுக்கும் வேறு வேறுபாடு இல்லை. ஆயினும் ஒன்றில் அனைவரும் இட்டனர். மற்றொன்றில் ஒருவரே இட்டார்.

இந்த இரண்டாவது குழுவில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்த ஒருவர், எடுத்துக்காட்டாக ஒரு புகழ்பெற்ற நடிகரோ நிறுவனத் தலைவரோ, வெளியே தமது படத்தை இடுவதாகக் கொள்வோம். குழுவினரின் கணக்கில் அவரும் ஒருவராகச் சேர்கிறார். இப்போது எண்ணிக்கை 2 ஆகிறது. ஆ, இ இருவரும் ஒன்றாக இடுகின்றனர். எண்ணிக்கை 4 ஆகிறது. அதனால் ஈ, உ ஆகியோர் சேர, நின்றுபோன அலை மீண்டும் முழுக் குழுவையும் எட்டுகிறது. பலரும் பின்தொடரும் ஒரு கணக்கின் முகப்புப் படம் மாறுவது, இவ்வாறு ஒரே நேரத்தில் எண்ணற்ற குழுக்களின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது.

முகப்புப் படம் இதற்குக் குறிப்பாக ஏற்றது. சாதாரணப் பதிவு சில மணி நேரத்தில் கீழே சென்றுவிடும். முகப்புப் படமோ அந்நபர் எழுதும் ஒவ்வொரு கருத்தின் அருகிலும் தோன்றும். ஆகவே, சேர்ந்தவர்களின் எண்ணிக்கை எப்போதும் கண்முன் உள்ளது.

## சேர்வது எதனைக் குறிக்கிறது

### நேரம்

செருமானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், 1904 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமது கட்டுரையில், புதுப்பாங்கு என்பது ஒத்திருக்கும் விருப்பத்தையும் வேறுபட்டிருக்கும் விருப்பத்தையும் ஒருங்கே நிறைவு செய்கிறது என விளக்கினார். முதலில் ஏற்பவர் பிறரிடமிருந்து வேறுபடுகிறார். பின்னர் ஏற்பவர் பிறருடன் ஒத்துப்போகிறார். அனைவரும் ஏற்றபின் வேறுபாடு மறைவதால், முதலில் வந்தவர்கள் முதலில் விலகுகின்றனர்.

2025 அலையில் இதனைத் தெளிவாகக் காணலாம். மார்ச் 25, 26 ஆகிய நாட்களில் இடப்பட்ட படம், இட்டவர் புதிய தொழில்நுட்பத்தை உடனுக்குடன் அறிபவர் என்பதை உணர்த்தியது. ஏப்ரல் முதல் வாரத்தில் இடப்பட்ட அதே படம், இட்டவர் மற்றவர்கள் செய்வதில் தாமும் பங்குபெறுகிறார் என்பதை மட்டுமே உணர்த்தியது. படத்தில் எம்மாற்றமும் இல்லை. நாள் மட்டுமே மாறியது.

### செலவு

ஒரு குறிப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது, அதனைக் காட்டுவதற்கு ஆகும் செலவைப் பொறுத்தது என்பது பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973 இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரமாகும். ஒரு தன்மை உடையவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் உள்ள செயலே அத்தன்மையை நம்பத்தகுந்த முறையில் காட்டும்.

ஜிப்லி அலையின் முதற் சில நாட்களில் படம் ஆக்குவதற்கு மாதக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். எனவே, அப்படம் ஏதோ ஒன்றைப் பிரித்துக் காட்டியது. கட்டணமின்றித் திறக்கப்பட்ட பின் அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டவில்லை. ஜிப்லி திரைப்படங்களின் மீதான ஈடுபாட்டையும் அது காட்டுவதில்லை. ஏனெனில், அந்நிறுவனத்தின் ஒரு படத்தையேனும் பார்த்திராதவரும் அதே படத்தை அதே முயற்சியில் பெற முடிந்தது.

### சேராமை

அலை சிறிதாக இருக்கும்போது சேராமலிருப்பதற்குப் பொருள் ஏதும் இல்லை. பெரும்பாலோர் சேர்ந்தபின், சேராமையும் ஒரு குறிப்பாகப் படிக்கப்படுகிறது. 2025 இல் ஓவியர்கள் பலர் இவ்வலையை வெளிப்படையாக எதிர்த்தனர். அதன் பின், தமது படத்தை மாற்றாமல் வைத்திருந்த ஓவியரின் செயல் ஒரு நிலைப்பாடாகவும், மாற்றிக்கொண்ட ஓவியரின் செயல் அதற்கு எதிர் நிலைப்பாடாகவும் கொள்ளப்பட்டன. எதிர்ப்பைப் பற்றி அறியாமலேயே குழந்தையின் பிறந்தநாள் படத்தை மாற்றியிட்ட ஒருவரும் இவ்விவாதத்துக்குள் இழுக்கப்பட நேர்ந்தது.

### அமைப்புகள் சேரும்போது

தனிநபர் ஒருவர் தமது படத்தை மாற்றும்போது, படத்தில் உள்ளவரும் அதனை வெளியிடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. அரசு அமைப்பு ஒன்று சேரும்போது இந்நிலை மாறலாம். வெள்ளை மாளிகையின் பதிவில் இருந்த பெண் தமது படத்தை வெளியிடவில்லை. அவர் காட்சிப் பொருளாக்கப்பட்டார். குழந்தைமை, மென்மை ஆகியவற்றுடன் தொடர்புடைய ஒரு பாணி, கைது ஒன்றை எள்ளலாகக் காட்டப் பயன்பட்டதே கண்டனத்துக்குக் காரணமாயிற்று. அலையில் சேர்வதால் "நாங்களும் உங்களைப் போன்றவர்களே" என்று காட்ட முனையும் அமைப்பு, எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே தன்னை வெளிப்படுத்துகிறது.

## பொருள்கொள்வதன் எல்லைகள்

மேற்கண்ட பத்துப் பேர் குழுவில் அ என்பவரும் ஒ என்பவரும் இட்ட படங்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால், அ யாருடைய துணையுமின்றி விரும்பிச் செய்தார். ஒ தம்மைத் தவிர அனைவரும் செய்த பின்னரே செய்தார். அவர் தயங்கியிருக்கலாம், அல்லது தனித்து நிற்க அஞ்சியிருக்கலாம். இருவரின் மனநிலையும் படத்திலிருந்து தெரிவதில்லை. இட்ட வரிசை மட்டுமே ஓரளவுக்கு அதனைக் காட்டும்.

கிரனோவெட்டரின் மாதிரியிலிருந்து பெறப்படும் முதன்மையான எச்சரிக்கை இதுவே. கூட்டத்தின் அளவைக் கொண்டு கூட்டத்தில் உள்ளவர்களின் விருப்பத்தின் அளவை முடிவு செய்ய இயலாது. பத்துப் பேரும் இட்ட குழு, ஒருவர் மட்டும் இட்ட குழுவைவிடப் பத்து மடங்கு ஆர்வம் உடையது அன்று. அவ்வாறே, 70 கோடிப் படங்கள் உருவாக்கப்பட்டன என்பது, மக்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டனர் என்பதற்கோ ஓவியர்களின் எதிர்ப்பைப் புறக்கணித்தனர் என்பதற்கோ சான்றாகாது. நிறுவனங்களின் விளம்பரங்களிலும் எதிர்ப்பாளர்களின் வாதங்களிலும் இவ்விரு முடிவுகளும் காணப்படுகின்றன.

## சர்ச்சைகள்

ஸ்டூடியோ ஜிப்லி 1985 ஆம் ஆண்டில் ஹயாவோ மியாசாகி, இசாவோ தகஹாட்டா, தோஷியோ சுசுக்கி ஆகியோரால் நிறுவப்பட்டது. அதன் திரைப்படங்கள் பெரும்பாலும் கையால் வரையப்படுபவை. 2016 இல் சப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆவணப்படத்தில், கணினி தானாக அசைவூட்டிய ஓர் உருவத்தைக் கண்ட மியாசாகி, அது உயிருக்கே இழிவு எனக் கருத்துத் தெரிவித்தார். 2025 அலையின்போது இக்கருத்து பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. அவருக்கு அன்று காட்டப்பட்டது தலையால் ஊர்ந்து நகரும் கோரமான உருவத்தின் அசைவே தவிர, ஒளிப்படத்தை ஓவியமாக்கும் கருவி அன்று. ஆகவே, அக்கருத்தை 2025 இன் கருவிகளைப் பற்றிய அவருடைய தீர்ப்பாகக் கொள்வது பொருத்தமன்று.

பொதுவாகப் பதிப்புரிமைச் சட்டம் குறிப்பிட்ட ஆக்கங்களையும் பாத்திரங்களையும் காக்கிறது. ஓவியப் பாணியைக் காப்பதில்லை. டோட்டோரோ என்னும் பாத்திரத்தைப் பார்த்து வரைவது உரிமை மீறலாகலாம். ஒருவரின் தாத்தாவை டோட்டோரோ படத்தின் நிறங்களில் வரைவது அவ்வாறு ஆகாது. ஓப்பன்ஏஐ நிறுவனமும், வாழும் தனி ஓவியர் ஒருவரின் பாணியில் வரைய மறுப்பதாகவும், ஒரு கலையகத்தின் பரந்த பாணியை அனுமதிப்பதாகவும் அப்போது தெரிவித்தது. ஜிப்லியின் பாணி பெருமளவுக்கு மியாசாகி என்னும் தனி ஓவியரோடு பிணைந்தது என்பதால், இவ்வேறுபாடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்கு உரியதாயிற்று.

பாணியைப் பின்பற்றுவதும், பயிற்சிக்கு மூலத் திரைப்படங்களைப் பயன்படுத்துவதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு வினாக்கள் ஆகும். சப்பானின் பதிப்புரிமைச் சட்டம் தகவல் பகுப்பாய்வுக்காக ஆக்கங்களைப் பயன்படுத்துவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆயினும் உரிமையாளரின் நலனுக்கு நியாயமற்ற கேடு விளையும் இடத்தில் அவ்விலக்கு பொருந்தாது. 2025 அக்டோபரில், ஸ்டூடியோ ஜிப்லியை உறுப்பினராகக் கொண்ட சப்பானியக் கூட்டமைப்பான கோடா, ஓப்பன்ஏஐயின் சோரா 2 நிகழ்பட ஆக்கக் கருவியின் பயிற்சிக்குத் தனது உறுப்பினர்களின் ஆக்கங்களை ஒப்புதலின்றிப் பயன்படுத்த வேண்டாம் என அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. ஒளிப்பட அலை அதற்குப் பல மாதங்கள் முன்பே அடங்கிவிட்டிருந்தது.